கை கழுவாமல் இருக்கப் பழகுவது: ஓசிடி கேள்வி பதில்

என்ர மனுசன் பூச்சிமருந்துப் போத்தல் வைக்கிற கொட்டில் கதவைத் தொட்டாலே ஒரு மணித்தியாலம் கை கழுவுறார். பிள்ளையைத் தூக்கிறதே இல்லை. (கிளிநொச்சி)

இது ஓசிடி, தங்கச்சி: வேண்டாத பயம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைச் செய்யவைக்கிற மனநோய். கழுவியதும் பதட்டம் இறங்குகிறது. அந்த நிம்மதிதான் சிக்கல். கழுவியதால்தான் பிள்ளை தப்பியது என்று மனம் முடிவெடுக்கிறது. கழுவாவிட்டால் என்ன நடக்கும் என்று அவர் பார்த்ததே இல்லை.

முதலில் பயங்களுக்கு அவரையே 0 முதல் 100 வரை புள்ளி போடச் சொல்லுவோம். கதவின் வெளிப்பக்கம் 40, அதே கையால் தேத்தண்ணி குடிப்பது 60, பிள்ளைக்கு பிஸ்கட் கொடுப்பது 90 என்று வைப்போம். கதவில் தொடங்குவோம். என்ன நடக்குமென்று பயப்படுகிறார் என்பதை எழுதிவிட்டுத் தொட வேண்டும், பிறகு கழுவக்கூடாது. சாரத்தில் துடைப்பதும் மனதுக்குள் செபிப்பதும் கழுவுவதுதான். பதட்டம் அங்கேயே இறங்காவிட்டாலும் பரவாயில்லை. பதட்டத்தோடும் இருக்க முடிகிறது, பயந்தது நடக்கவில்லை என்று அவர் காண்பதே பயன். கதவு அலுத்த பிறகு கோப்பைக்குப் போகலாம். இரவில் அதை நினைத்துத் தேய்த்துக் குளித்தால் பகல் பயிற்சி வீண்.

“ஒண்டும் ஆகாதுதானே?” என்று உங்களிடம் கேட்பார். நீங்கள் சொல்லும் ஆறுதலும் ஒரு கழுவல்தான். அதற்குப் பதில் சொல்லமாட்டேன் என்று முன்கூட்டியே அவரோடு பேசி முடிவெடுங்கள், திடீரென்று மறுக்காதீர்கள்.

நஞ்சு நஞ்சுதானே? கழுவாதே எண்டு சொல்லுறது பிழை. நானும் வயல் செய்யிறன்.

பாதி சரி அண்ணை. மருந்து அடித்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவி உடுப்பு மாற்றத்தான் வேண்டும். போத்தலைத் தொடுவது பயிற்சி இல்லை.

மருந்தடிச்ச கையாலதானே கதவையும் திறக்கிறம்?

நல்ல கேள்வி. அப்படியென்றால் பயிற்சிக்கு முன் வேறொருவர் கதவை ஒருமுறை கழுவட்டும், அதோடு சரி.

அதுவும் ஓசிடிக்கு விட்டுக்கொடுக்கிறதுதானே?

இருக்கலாம். கழுவிய கதவு அவருக்குப் பயத்தையே தராவிட்டால் நீங்கள் சொன்னதுதான் சரி, வேறு படி தேட வேண்டும். ஊரில் மற்றவர்கள் யோசிக்காமல் செய்வதே என் அளவுகோல். எல்லாச் சிகிச்சையாளரும் ஒரே இடத்தில் கோடு போடுவதில்லை.

மிதிவெடிப் பலகை நட்ட காணிக்குள்ள போறதும் பயிற்சியோ?

இல்லவே இல்லை. அந்தப் பயம் இருக்கட்டும்.

எனக்குப் பூட்டு. திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பன். மனதை வேறு பக்கம் திருப்பினால் போதாதோ? பாட்டுக் கேட்டால் மறந்திடும்.

பூட்டை நினைக்காமலிருக்கப் போட்ட பாட்டு என்றால் அதுவும் தப்பிக்கிற வழிதான். ஒருமுறை பூட்டுங்கள், “பூட்டாமலும் விட்டிருக்கலாம்” என்ற எண்ணத்தோடேயே நடந்து போங்கள்.

குளிசை போட்டால் பயிற்சி வேண்டாம்தானே?

இரண்டும் சேர்ந்து போகும். குளிசையின் பலன் தெரிய 8 முதல் 12 வாரமாகலாம். அளவை டொக்டரிடம் கேளுங்கள், டொக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம்.

வீட்டிலேயே தொடங்கலாமோ?

சின்னப் படியென்றால் தொடங்கலாம். சாப்பாடு விட்டுப்போனால், சாக வேண்டும் என்ற கதை வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.