அந்த மூன்று கடைகளின் மொத்தப் பில்லைப் பார்த்தீர்களா?

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் குடும்பம் பொடி வகைகள் தயாரித்துக் கடைகளுக்குப் போடுகிறது. 14 பொடிகள், பல அளவுகள். மொத்தம் 52 உருப்படிகள். ஜனவரி முதல் ஜூன் வரையிலான விற்பனையை இறங்குவரிசையில் அடுக்கிப் பார்த்தேன். கடைசி 20 உருப்படிகள் சேர்ந்தும் 4 சதவீதம்தான் வருகிறது. அவற்றை ஒரேயடியாக நிறுத்திவிடலாம் என்கிறேன். அப்பா சம்மதிக்கவில்லை. அங்காயப் பொடி மாதம் 30 பாக்கெட்தான் போகிறது. அதையும் வேனில் அனுப்பாமல் மூன்று கடைகளுக்கு அவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார். வாடிக்கையாளர்களை இழக்காமல் எவற்றை நிறுத்துவது? அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது?
— மகன், கும்பகோணம்

பதில்: எந்த மூன்று கடைகள், தம்பி? ஏன் அந்த மூன்று மட்டும்? உங்கள் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. நீங்கள் அவரைக் கேட்கவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெற்ற தகப்பன் 30 பாக்கெட்டுக்காக வெயிலில் வண்டியை எடுக்கிறார் என்றால், ஒன்று அவருக்கு வேறு வேலை இல்லை, அல்லது உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதலாவதை நம்பிக்கொண்டு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்கும் முன், அவரிடமிருந்து எதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும்.

இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். அந்த மூன்று கடைகளும் ஆறு மாதங்களில் உங்களிடம் வாங்கிய எல்லாவற்றையும் கடைவாரியாக எடுங்கள். ஒரு பேச்சுக்கு, பாக்கெட் 60 ரூபாய் என்றால் அங்காயப் பொடியின் மாத விற்பனை 1,800 ரூபாய். அதே கடைகள் சாம்பார் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி என்று மாதம் ஆளுக்கு 15,000 ரூபாய்க்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். லாபம் ஐந்தில் ஒரு பங்கு என்றால் ஒரு கடையிலிருந்து மட்டும் 3,000 ரூபாய். அந்த ஒரு கடை கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போனால், அங்காயப் பொடியின் மொத்த விற்பனையைவிட அதிகமான லாபம் போய்விடும். உருப்படிவாரியாக மட்டும் அடுக்கிய பட்டியலில் இது ஒருநாளும் தெரியாது.

சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ, சுக்கு, மிளகு சேர்த்து அரைக்கும் பொடியை யார் வாங்குகிறார்கள்? பிள்ளை பெற்றவள் இருக்கும் வீடு வாங்குகிறது. வயிறு சரியில்லாத பெரியவர் இருக்கும் வீடு வாங்குகிறது. அந்த வீடுகளுக்கு அது இல்லையென்றால் பதிலுக்குப் பருப்புப் பொடியை எடுத்துக்கொண்டு போக முடியாது. அது கிடைக்கும் கடையைத் தேடிப் போவார்கள். போன இடத்திலேயே மாதச் சாமானையும் வாங்குவார்கள். கடைக்காரருக்கு இது தெரியும், அதனால்தான் அவர் உங்கள் அப்பாவைக் கேட்கிறார்.

பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. அமெரிக்காவின் வால்மார்ட், கடைகளை ஒழுங்குபடுத்துவதாக மெதுவாகப் போகும் பொருள்களை எடுத்துவிட்டது. வாங்குபவர்கள் அவற்றைத் தேடி வேறு கடைகளுக்குப் போனார்கள். 2011-இல் சுமார் 8,500 பொருள்களை மீண்டும் அடுக்கில் வைக்கப்போவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று.

அதற்காக 52-ஐயும் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. நிறுத்த வேண்டியவை நிச்சயம் இருக்கின்றன. உங்கள் 20 உருப்படிகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: அதை எந்தெந்தக் கடைகள் எடுக்கின்றன, அது இல்லாவிட்டால் அதே ஆள் உங்கள் பொருளிலேயே வேறெதை எடுப்பார். சாம்பார் பொடியில் 200 கிராமும் 250 கிராமும் வைத்திருக்கிறீர்கள் என்றால், 200 எடுக்கும் கடைகளில் பெரும்பாலானவை 250-ஐயும் எடுக்கின்றனவா என்று பாருங்கள். எடுத்தால் 200-ஐத் தயங்காமல் நிறுத்தலாம். வாங்குபவர் பக்கத்திலிருக்கும் பாக்கெட்டை எடுத்துக்கொள்வார். உங்களிடம் அது ஒன்றை மட்டுமே, அதுவும் எப்போதாவது வாங்கும் கடைக்காகச் செய்யும் உருப்படியையும் நிறுத்தலாம்.

ஆனால் 10 ரூபாய் பாக்கெட்டை 50 கிராமோடு சேர்த்துக் கணக்குப் பார்க்காதீர்கள். அன்றைய கூலியில் அன்றைய குழம்புக்கு வாங்குகிறவரிடம் 10 ரூபாய்தான் இருக்கும். அது இல்லையென்றால் அடுத்த கம்பெனியின் 10 ரூபாய் பாக்கெட்டை வாங்குவார்.

ஜனவரி முதல் ஜூன் என்று கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அதுவும் தவறு. தீபாவளி மருந்துப் பொடி போடுகிறீர்கள் என்றால், உங்கள் பட்டியலில் அது பூஜ்யமாகத்தான் இருக்கும். புரட்டாசி, கார்த்திகை இரண்டும் உங்கள் கணக்கில் வரவே இல்லை. 12 மாதங்களை எடுங்கள். ஒவ்வொரு உருப்படியும் எத்தனை நாள் கையிருப்பில் இருந்தது என்றும் பக்கத்தில் எழுதுங்கள். மாதத்தில் பத்து நாள் மட்டும் இருந்து 30 பாக்கெட் போயிருந்தால் அது மெதுவாகப் போகும் சரக்கே இல்லை. நீங்கள்தான் போதுமான அளவு அரைக்கவில்லை. கடைகளிலிருந்து தேதி முடிந்து திரும்பி வந்த பாக்கெட்டுகளையும் கழித்துப் பாருங்கள். வேனில் ஏற்றித் தள்ளிவிட்ட சில உருப்படிகள் அப்போது கீழே இறங்கும். அப்பா கொடுத்துவிட்டு வந்த 30 பாக்கெட் அப்படியே நிற்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அங்காயப் பொடியால் செலவு இல்லை என்று நான் சொல்லவில்லை. அச்சடித்த கவர் ரோலுக்கு நிறத்துக்கு ஒரு சிலிண்டர் வேண்டும். அச்சகமும் ஒரு குறைந்தபட்ச எடைக்குக் கீழே ஆர்டர் எடுக்காது. மாதம் 30 பாக்கெட் போகும் பொடிக்கு அந்த ரோல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடக்கும். இதற்கு வெறும் கவரில் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். நிகர எடை, விலை, தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் உட்பட சட்டம் கேட்கும் எல்லாமும் அதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு செலவு, அரைத்தபின் மில்லில் நிற்கும் கசப்பும் பெருங்காய வாசனையும். அதை வாரச் சுத்தம் செய்யும் நாளில் கடைசியாக அரையுங்கள். தனியாக ஒரு கழுவல் மிச்சம். இந்த இரண்டையும் செய்தபிறகும் நட்டம் என்றால் விலையை ஏற்றிப் பாருங்கள். பத்தியத்துக்கு வாங்குபவர் ஐந்து ரூபாய்க்காகத் திரும்பிப் போகமாட்டார்.

நிறுத்தும்போதும் 20-ஐயும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. அளவு மட்டும் வேறுபடும் இரட்டைகளில் நான்கைந்தைத் தேர்ந்தெடுங்கள். அவற்றின் அச்சுக் கவர் தீரும்வரை போடுங்கள். கடைக்காரர்களுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். முதலில் ஒரே ஒரு வேன் லைனில் நிறுத்திவிட்டு இரண்டு மாதம் கவனியுங்கள். நிறுத்திய உருப்படி போய்விட்டதே என்று பார்ப்பதில் பயனில்லை. அந்த லைனில் ஒவ்வொரு கடையின் மொத்தப் பில் என்ன ஆயிற்று என்று பாருங்கள், நிறுத்தாத லைனோடு ஒப்பிட்டு. 200 கிராம் போய் 250 கிராம் கூடியிருந்தால் மற்ற லைன்களிலும் நிறுத்துங்கள். மொத்தப் பில்லே இறங்கியிருந்தால் அந்தக் கடைக்கு அடுத்த நடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

எந்த லைனில் தொடங்குவது என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். எந்தக் கடைக்காரர் பொறுத்துக்கொள்வார், யார் மறுநாளே வேறு கம்பெனிக்குப் போன் போடுவார் என்பது அவருக்குத் தெரியும். அதற்குமுன், அடுத்த முறை அங்காயப் பொடியைக் கொண்டுபோகும்போது ஸ்கூட்டரை நீங்கள் ஓட்டுங்கள், அவர் பின்னால் உட்காரட்டும். கடையில் அவர் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.