கடை மூடும் அறிவித்தலில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி: வெள்ளவத்தையில் அப்பா நடத்தும் தையல் கடையை 31.08.2026 உடன் மூடுகிறோம். "தவிர்க்க முடியாத காரணத்தால் எமது சேவை 31.08.2026 உடன் நிறைவடைகிறது. வாடிக்கையாளர்கள் தமது ஆடைகளைப் பெற்று நிலுவைகளைத் தீர்த்துக்கொள்ளவும். அதன் பின் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒட்டினோம். அன்றிலிருந்து ஒரே சண்டை. முற்பணம் முழுவதையும் கேட்கிறார்கள். அறிவித்தலை எப்படி மாற்றி எழுதலாம்?

பதில்: முதலில் அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள். தைக்கத் தந்த துணி வாடிக்கையாளருடையது. கடை மூடியதும் அது உங்களுடையதாகிவிடாது, அதற்கான பொறுப்பும் நீங்காது. தைத்த கூலி தராதவரின் உடுப்பைக் கூலி கிடைக்கும்வரை நிறுத்திவைக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நீங்களாகவே அதை விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ முடியாது. ஆகவே அந்த வரி உங்களைக் காப்பாற்றாது, ஆட்களைக் கோபப்படுத்த மட்டுமே செய்யும்.

அறிவித்தலைத் திரும்ப எழுதும் முன் ஓடர் கொப்பியைத் திறந்துவைத்து, கடையில் உள்ள துணிகளை மூன்றாகப் பிரியுங்கள்: தைத்து முடிந்தவை, வெட்டியும் தைக்காதவை, இன்னும் வெட்டாதவை. மூன்றுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. சண்டை வருவது இதனால்தான். வெட்டாத துணியை அப்படியே திருப்பிக் கொடுத்தால் அவர் வேறு கடைக்குப் போகலாம். வெட்டிய துணியைக் கொண்டுபோனால் வேறு தையற்காரர் தொடவே தயங்குவார், ஏனென்றால் அளவும் வெட்டும் அவருடையவை அல்ல. அதனால் வெட்டியதை எல்லாம் நீங்களே தைத்து முடிக்க வேண்டும். புதிய ஓடரை எந்தத் திகதியில் நிறுத்துவது என்பதும் இந்த இரண்டாவது குவியலின் அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி முற்பணம். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் மூன்று சாரி பிளவுஸ் தைக்கத் தந்திருக்கிறார், ஒன்றுக்குக் கூலி 1,800 ரூபா. மொத்தம் 5,400. முற்பணமாக 2,000 கட்டியிருக்கிறார். ஒரு பிளவுஸ் தைத்தாயிற்று, இரண்டு துணி வெட்டவே இல்லை. முற்பணம் திருப்பித் தரப்படும் என்று மட்டும் எழுதினால் அவர் 2,000 ரூபாவை எதிர்பார்த்து வருவார். நீங்களோ தைத்த பிளவுஸுக்கு 1,800 போக 200 ரூபாவை எடுத்து நீட்டுவீர்கள். உங்கள் கணக்கு சரிதான். ஆனால் அதை அவர் முதன்முதலில் கடை வாசலில், நாலு பேர் முன்னால் கேட்கிறார். முடிந்த வேலையின் கூலியைக் கழித்து மிகுதியைத் தருவோம் என்பது அறிவித்தலிலேயே இருக்க வேண்டும்.

அந்த இரண்டு பிளவுஸுக்கும் நீங்கள் முன்கூட்டியே லைனிங் வாங்கியிருந்தால் அதன் விலையைக் கழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. வேலையை நிறுத்தியது நீங்கள், அவர் அல்ல.

இன்னொன்று, உடுப்பை எடுக்கும் கடைசி நாளும் கடை மூடும் நாளும் ஒன்றாக இருக்கக்கூடாது. போட்டுப் பார்த்துவிட்டு, கை இறுக்கம், இடுப்பு தளர்வு என்று திரும்பி வருபவர்கள் இருப்பார்கள். கடை மூடப்போகிறது என்று தெரிந்ததும் தையற்காரர்கள் வேறு வேலை பார்த்துப் போகத் தொடங்குவார்கள். ஆகவே எடுப்பதற்கு ஒரு கிழமை முன்னதான திகதியைக் கொடுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"எமது கடை 31.08.2026 இரவு 7 மணியுடன் மூடப்படும். வேறு கிளை இல்லை. 01.08.2026 முதல் புதிய ஓடர் எடுக்கமாட்டோம்.

வெட்டிய துணிகள் அனைத்தையும் தைத்துத் தருவோம். 24.08.2026 க்கு முன் பற்றுச்சீட்டுடன் வந்து எடுங்கள். திருத்த வேலைகள் 30.08.2026 வரை செய்து தரப்படும், அதற்குக் கூலி இல்லை.

வெட்டாத துணிகளை அப்படியே திருப்பித் தருவோம். தைத்து முடிந்த உடுப்புகளின் கூலியை முற்பணத்தில் கழித்து, மிகுதியை அந்த இடத்திலேயே காசாகத் தருவோம். கூலி முற்பணத்தைவிட அதிகமானால் மீதியை நீங்கள் தர வேண்டும்.

எங்களுக்குத் தர வேண்டிய பணத்தைக் கடையில், அல்லது உங்கள் பற்றுச்சீட்டில் அச்சிட்டுள்ள வங்கிக் கணக்கில் மட்டும் கட்டுங்கள். கணக்கிலக்கம் மாறவில்லை.

31.08.2026 க்குப் பின்னும் எடுக்கப்படாத உடுப்புகள் 30.11.2026 வரை எங்களிடம் இருக்கும். கீழுள்ள தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்."

கணக்கிலக்கம் மாறவில்லை என்ற வரியை விட்டுவிடாதீர்கள். கடை மூடுவது ஊருக்குத் தெரிந்ததும், கடைக்காரர் பேசுவதாகச் சொல்லி வேறொரு கணக்குக்குக் காசு கேட்க யாராலும் முடியும்.

நவம்பர் 30 வரை என்று போட்டதற்கும் காரணம் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின்படி, பொருளோ சேவையோ பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் முறைப்பாடு செய்யலாம். அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் வாடிக்கையாளர்கள் விசாரிப்பார்கள். ஓகஸ்ட் கடைசியில் உடுப்பை எடுத்தவருக்கு அந்த மூன்று மாதமும் உங்களைப் பிடிக்க ஒரு வழி இருந்தால், அவர் முதலில் உங்களுக்குத்தான் அழைப்பார். நவம்பர் 30 க்குப் பின்னும் எடுக்கப்படாதவை மிஞ்சினால், பெயரும் பில் இலக்கமும் கட்டி வீட்டில் வையுங்கள். சில பிளவுஸ்கள்தான், ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும்.

உங்களுக்கு வர வேண்டிய பணத்திலும் கவனம் தேவை. பாடசாலைச் சீருடை, அலுவலகச் சீருடை என்று கடனுக்குத் தைத்துக் கொடுத்திருந்தால் அவர்களுக்குச் சுவரில் ஒட்டும் அறிவித்தல் போதாது. தொகை, பில் திகதி, கட்ட வேண்டிய கடைசி நாள் மூன்றையும் எழுதித் தனித்தனியாகக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். காலாவதிக் கட்டளைச் சட்டப்படி வேலைக் கூலிக்கும் கடைப் பற்றுக்கும், பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அந்த வருடம் ஓடிவிடும்.

மற்ற வாடிக்கையாளர்களுக்கும் வட்ஸ்அப்பில் பொதுவான படம் ஒன்றை அனுப்புவதைவிட அவரவர் கணக்கை எழுதி அனுப்புவதே மேல். மேலே சொன்னவருக்கு: "பில் 214. பிளவுஸ் 1 தயார். துணி 2 வெட்டவில்லை, திருப்பித் தருவோம். முற்பணம் 2,000, கூலி 1,800. உங்களுக்கு நாங்கள் தர வேண்டியது 200 ரூபா." இதைப் படித்தவர் கணக்கில் பிழை இருந்தால் வீட்டிலிருந்தே சொல்லிவிடுவார். காசைத் திருப்பிக் கொடுக்கும்போது பில்லின் அடிப்பிரதியில் தொகையும் திகதியும் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

காலி வீதியில் கடை என்றால் சிங்களமும் ஆங்கிலமும் வாசிப்பவர்களும் வருவார்கள், மூன்று மொழியிலும் எழுதுங்கள். திகதியும் தொகையும் மூன்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்னொருவரைக் கொண்டு சரிபாருங்கள். கண்ணாடிக் கதவில் மட்டும் ஒட்டினால், ஷட்டரை இறக்கியதும் அது உள்ளே போய்விடும். செப்டெம்பரில் வருபவருக்குத்தான் அந்தத் தொலைபேசி இலக்கம் தேவை. அதனால் ஷட்டரின் வெளிப்பக்கத்திலும் ஒன்றை ஒட்டி, அடுத்து யாராவது கடையை எடுக்கும்வரை அதைக் கிழிக்க வேண்டாம் என்று கட்டட உரிமையாளரிடம் கேட்டுவையுங்கள்.