நோ தெங்கோ நாதா: ஸ்பானிஷ் மறுப்பு பற்றிய கேள்வி பதில்

கல்லூரி மாணவி: அக்கா, ‘நோ தெங்கோ நாதா’ என்றால் ‘என்னிடம் ஒன்றும் இல்லை’ என்கிறார்கள். நோ என்பதும் மறுப்பு, நாதா என்பதும் மறுப்பு. ரெண்டும் சேர்ந்தால் ‘ஏதோ இருக்கிறது’ என்றுதானே ஆகவேண்டும்?

ஸ்பானிஷை இங்கிலீஷ் வழியாகப் படிப்பதால் வரும் சந்தேகம் இது. மறுப்பு வாக்கியம் என்றால், ஸ்பானிஷில் வினைச்சொல்லுக்கு முன்னால் ஒரு மறுப்புச் சொல் இருந்தாக வேண்டும். இங்கே ‘நாதா’ வினைக்குப் பின்னால் போய்விட்டது. முன்னால் யாருமில்லாததால் ‘நோ’ வந்து நிற்கிறது. ரெண்டும் சேர்ந்து ஒரே மறுப்பைத்தான் சொல்கின்றன.

தமிழில் ‘என்னிடம் எதுவும் இல்லை’ என்கிறோமே, அதை மனதில் வையுங்கள். நாதாவை ‘எதுவும்’, நாதியேவை ‘யாரும்’, நூங்காவை ‘ஒருபோதும்’ என்று நினைத்தால் இந்த வகை வாக்கியங்கள் பெரும்பாலும் தானாகப் புரிந்துவிடும்.

ஆறு மாதமாகப் படிப்பவர்: நானும் அப்படித்தான் நினைத்து, ‘யாரும் என்னைக் கூப்பிடவில்லை’ என்பதற்கு ‘நாதியே நோ மே யமோ’ என்று எழுதினேன். டீச்சர் ‘நோ’வை அடித்துவிட்டார். ஏன்?

தமிழ் இந்த இடத்தில்தான் கைவிடும். ‘யாரும்’ தனியாக மறுக்காது, ‘இல்லை’ கூடவே வரவேண்டும். நாதியே அப்படியல்ல. ‘யார் கூப்பிட்டார்கள்?’ என்று கேட்டால் ஸ்பானிஷில் ‘நாதியே’ என்ற ஒரு சொல்லே முழுப் பதில். தமிழில் வெறுமனே ‘யாரும்’ என்று சொல்லிப் பாருங்கள், பாதியில் நிற்கும்.

ஆகவே நாதியே வினைக்கு முன்னால் வந்துவிட்டால் ‘நோ’வுக்கு வேலை இல்லை: ‘நாதியே மே யமோ’. அதையே பின்னால் தள்ளினால் ‘நோ’ திரும்பி வரும்: ‘நோ மே யமோ நாதியே’. பொருள் ஒன்றுதான்.

கொஞ்சம் நீளமான வாக்கியத்திலும் இதே கதைதான். ‘நான் ஒருபோதும் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை’ என்பது ‘நூங்கா லே தீகோ நாதா ஆ நாதியே’. நூங்கா முன்னால் இருப்பதால் ‘நோ’ இல்லை. நூங்காவைக் கடைசிக்குக் கொண்டுபோனால் ‘நோ லே தீகோ நாதா ஆ நாதியே நூங்கா’. வினைக்குப் பின்னால் மறுப்புச் சொற்கள் எத்தனை வந்தாலும் மறுப்பு ஒன்றுதான். எழுதி முடித்ததும் வினைச்சொல்லைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

ரஷ்யாவில் மருத்துவம் படித்தவர்: இதை எல்லா மொழிக்கும் பொது விதி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரஷ்ய மொழியில் ‘யாருக்கும் தெரியாது’ என்பது ‘நிக்தோ நே ஸ்நாயெத்’. நிக்தோ முன்னால் இருந்தாலும் ‘நே’ கட்டாயம்.

சரியாகச் சொன்னீர்கள். ‘நே’ வேண்டும் என்பதில் ரஷ்யமொழி தமிழுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இத்தாலியன் ஸ்பானிஷின் பக்கம். ஸ்பெயினில் பேசப்படும் காட்டலான் மொழி ரெண்டுக்கும் நடுவில்: மறுப்புச் சொல் முன்னால் வரும்போது ‘நோ’ போடலாம், விடலாம்.

ஒரு வாசகர்: தமிழிலும் இரட்டை மறுப்பு இருக்கிறதே! ‘எனக்குத் தெரியாமல் இல்லை’ என்று என் அப்பா அடிக்கடி சொல்வார்.

அது வேறு விஷயம். உங்கள் அப்பா ‘தெரியும்’ என்கிறார். அங்கே ஒரு மறுப்பு இன்னொன்றை உடைக்கிறது. ஸ்பானிஷிலும் அப்படிப்பட்டது உண்டு: ‘நோ எஸ் கே நோ லோ ஸெபா’, அதாவது ‘எனக்குத் தெரியாது என்றில்லை’. வினைகளை எண்ணினால் வித்தியாசம் பிடிபடும். இதில் வினை ரெண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி ‘நோ’. ‘நோ புவெதோ நோ இர்’ என்பதும் அப்படித்தான்: போகாமல் இருக்க முடியாது. ‘நோ தெங்கோ நாதா’வில் இருப்பது ஒரே வினை.

அலுவலக ஊழியர்: ‘ஐ டோன்ட் நோ நத்திங்’ என்று பேசுபவர்களுக்குப் படிப்பறிவு இல்லை என்கிறார் எங்கள் மேனேஜர். உண்மையா?

இல்லை. 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் எழுதிய இங்கிலீஷில் மறுப்புகள் இப்படி அடுக்கி வருவது சாதாரணம். பிறகு எழுத்து வழக்கில் அது குறைந்துகொண்டே வந்தது. 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் லௌத் போன்ற இலக்கணக்காரர்கள், ரெண்டு மறுப்பு ஒன்றையொன்று அழித்துவிடும் என்று விதியாகவே எழுதினார்கள். ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் இங்கிலீஷிலும் இன்னும் பல வட்டார வழக்குகளிலும் அந்த அமைப்பு ஒழுங்காகவே இயங்குகிறது. ஆனால் தேர்வுத்தாளிலும் ஆபீஸ் மெயிலிலும் தவிர்த்துவிடுங்கள், அங்கே எதிர்பார்ப்பது வேறு.

மொழியியல் படிப்பவர்: ‘மாஸ் கே நூங்கா’ என்றால் ‘முன்னெப்போதையும் விட அதிகம்’. இதில் மறுப்பே இல்லையே! அப்படியானால் நூங்கா, நாதா எல்லாம் உண்மையில் மறுப்புச் சொற்கள்தானா?

நாதா லத்தீனில் ‘பிறந்த’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது, தொடக்கத்தில் அதில் மறுப்பு கிடையாது. மறுப்பு வாக்கியங்களிலேயே புழங்கிப் புழங்கி அந்த நிறம் ஏறிக்கொண்டது. நூங்காவின் கதை நேர்மாறு: லத்தீனிலேயே அது மறுப்புச் சொல்தான். அப்படியும் ஒப்பிடும்போது, நீங்கள் காட்டியதுபோல, மறுப்பில்லாமல் வருகிறது. ஆக, பிறப்பை வைத்து முடிவு கட்ட முடியாது.

இவை மறுப்புச் சொற்களேதான், பின்னால் வரும்போது ‘நோ’வோடு ஒத்துப்போகின்றன என்பது ஒரு கட்சி. அடிப்படையில் நம் ‘எதுவும்’ போன்றவைதான், முன்னால் வரும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு மறுப்பு கூட நிற்கிறது என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சிக்கு ‘மாஸ் கே நூங்கா’ இடிக்கிறது, ரெண்டாவதற்கு ‘நாதியே’ என்ற ஒற்றைச் சொல் பதில் இடிக்கிறது. என் சாய்வு முதல் பக்கம். ஆனால் விவாதம் இன்னும் ஓயவில்லை.