சண்டை இல்லாத வீட்டில் பதில் இல்லாத பேச்சு

கேள்வி: திருமணமாகி 9 வருஷம் ஆகிறது. கணவர் நல்லவர். குடி கிடையாது, பெரிய சண்டையும் கிடையாது. ஆனால் 'இங்க வாங்களேன், செம்பருத்தி பூத்திருக்கு' என்று கூப்பிட்டால் போனிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். ஆபீஸில் நடந்ததைச் சொன்னால் 'ம்' என்பார். இப்போதெல்லாம் நானே சொல்வதை விட்டுவிட்டேன். அம்மாவிடம் சொன்னால் 'இதெல்லாம் ஒரு குறையா' என்கிறார். இதற்காகச் சண்டை போடுவதா, சின்ன விஷயம் என்று விட்டுவிடுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். சண்டை போட்டால் அவர் இன்னும் ஒதுங்குவார். விட்டுவிட்டால், இப்போது நடப்பதே தொடரும். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அவருடைய 'ம்' அல்ல. நீங்கள் சொல்வதையே விட்டுவிட்டீர்கள் என்ற வரிதான்.

செம்பருத்தியைப் பார்க்கக் கூப்பிடுவதும், ஆபீஸ் கதை சொல்வதும், பக்கத்தில் வந்து உட்கார்ந்து பெருமூச்சு விடுவதும் ஒரே வகை. 'கொஞ்சம் என் பக்கம் திரும்பு' என்ற அழைப்பு அது. அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் இதைத்தான் பல வருஷம் ஆராய்ந்தார். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு சாதாரண அபார்ட்மென்ட் மாதிரியே ஆய்வுக்கூடம் அமைத்து, தம்பதிகளை அங்கே ஒரு நாள் இயல்பாக இருக்கச் சொல்லி வீடியோ எடுத்தார்கள். சமைப்பார்கள், பேப்பர் படிப்பார்கள், ஜன்னல் வழியே தெரியும் படகைக் காட்டி ஏதாவது சொல்வார்கள். அந்த நேரத்தில் இன்னொருவர் என்ன செய்கிறார் என்பதுதான் குறித்துக்கொள்ளப்பட்டது. அவர் திரும்பிப் பார்க்கலாம், கண்டுகொள்ளாமல் இருக்கலாம், அல்லது 'படிக்க விடமாட்டியா' என்று எரிந்து விழலாம்.

புதிதாகத் திருமணமான தம்பதிகளை 6 வருஷம் கழித்து மறுபடி விசாரித்தபோது, சேர்ந்திருந்தவர்கள் அன்று 100 அழைப்புக்கு 86-க்குத் திரும்பியிருந்தார்கள். பிரிந்தவர்களிடம் அது 33-தான் என்று காட்மன் எழுதியிருக்கிறார். இந்த எண்களைச் சட்டம் மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஊரில் சில தம்பதிகளிடம் பார்த்தது அது. திரும்பிப் பார்த்ததால் உறவு நிலைத்ததா, உறவு நன்றாக இருந்ததால் திரும்பிப் பார்த்தார்களா என்பதை அந்த எண்கள் சொல்லாது. ஆனால் 86-ல் ஒரு ஆறுதலும் இருக்கிறது. நன்றாக வாழும் வீட்டிலும் ஏழில் ஒரு அழைப்பு வீணாகத்தான் போகிறது. அவர் எப்போதாவது கவனிக்காமல் போவது பிரச்சினை இல்லை. அதுவே வழக்கமாகிவிடுவதுதான் பிரச்சினை.

'பெரிய சண்டை கிடையாது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நல்ல அறிகுறியாக மட்டும் பார்க்க முடியவில்லை. காட்மனும் ராபர்ட் லெவன்சனும் தம்பதிகளை 14 வருஷம் தொடர்ந்து பார்த்து 2002-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சீக்கிரமே பிரிந்தவர்களிடம் முன்னரே தெரிந்தது கடுமையான சண்டை. பல வருஷம் கழித்துப் பிரிந்தவர்களிடம் தெரிந்தது வேறு. 'இன்னிக்கு என்ன நடந்தது' என்று சாதாரணமாகப் பேசும்போதுகூட அவர்களிடம் சிரிப்போ ஆர்வமோ இருக்கவில்லை. அம்மாவிடம் இதைக் குறையாகச் சொல்ல முடியாததற்கும் இதுதான் காரணம். எடுத்துக் காட்ட ஒரு சம்பவமும் இருக்காது.

நெருக்கம் எப்படிக் குறைகிறது என்பதைச் செம்பருத்தியை வைத்தே பார்க்கலாம். முதல் தடவை கூப்பிட்டீர்கள், அவர் வரவில்லை. 'சரி, வேலையா இருக்கார்' என்று விட்டிருப்பீர்கள். ஒரே அழைப்பை உடனே இரண்டாம் தடவை விடுப்பவர்கள் மிகக் குறைவு. நல்ல உறவிலேயே அது அபூர்வம். மறுபடி கேட்பது கெஞ்சுவது போலத் தோன்றுவதால் மனசு அதைத் தவிர்க்கிறது. அடுத்தடுத்த வாரங்களில் அழைப்பு சிறிதாகும். 'வாங்களேன்' என்பது 'பூத்திருக்கு' என்று காற்றில் சொல்வதாகும். பிறகு அதுவும் நின்று, தங்கைக்கு வாட்ஸப்பில் போட்டோ அனுப்புவீர்கள். இன்னொரு நாள் அதே ஆசை குறையாக வெளியே வரும்: 'உங்களுக்கு எங்க இதுக்கெல்லாம் நேரம்!' உள்ளே இருப்பது 'என்னைப் பாருங்க' என்பதுதான். அவர் காதில் விழுவது குற்றச்சாட்டு. அவர் போனுக்குள் இன்னும் கொஞ்சம் ஒதுங்குகிறார். நீங்கள் இப்போது பேசாமல் இருப்பதையும் அவர் 'வீட்ல பிரச்சினை இல்ல, அமைதியா இருக்கு' என்றே எடுத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. 1980-ல் ராபின்சன், பிரைஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வீடுகளுக்கே பார்வையாளர்களை அனுப்பி, துணை செய்யும் நல்ல காரியங்களைக் குறிக்கச் சொன்னார்கள். தம்பதிகளும் தனியாகக் குறித்தார்கள். மனக்குறையோடு இருந்தவர்கள், பார்வையாளர் கண்ணில் பட்ட நல்ல செயல்களில் ஏறக்குறைய பாதியைக் கவனிக்கவே இல்லை. பார்க்காமல் விடுவது இரண்டு பக்கமும் நடக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். தவறு உங்கள் மேல் என்று சொல்ல வரவில்லை. அவர் எப்போதாவது 'இந்த வீடியோவைப் பாரேன்' என்று போனை நீட்டுகிறாரா? சமையலறையில் வந்து காரணமில்லாமல் நிற்கிறாரா? 'டீ குடிக்கலாமா' என்கிறாரா? நம் ஊரில் பல ஆண்கள் இப்படித்தான் கூப்பிடுவார்கள். 'பக்கத்தில் உட்காரு' என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருக்க மாட்டார்கள்.

அதனால் முதல் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் கவனியுங்கள். நீங்கள் கூப்பிட்டது, அவர் கூப்பிட்டது இரண்டையும் ஒரு நோட்டில் நேரத்தோடு ஒரு வரியில் எழுதுங்கள். அவரிடம் ஆதாரமாகக் காட்டுவதற்கு இல்லை, உங்களுக்காக மட்டும். வாரக் கடைசியில் நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு இடத்தில் குவிந்திருக்கும். ஆபீஸிலிருந்து வந்த முதல் அரை மணி நேரம், அல்லது அவர் போனும் கையுமாகச் சோபாவில் சாயும் நேரம். நீங்கள் பால்கனியிலிருந்து கூப்பிட, அவர் ஹாலில் டிவி சத்தத்தில் உட்கார்ந்திருந்தால், அந்த அழைப்பு அவரை அடைந்ததா என்பதே சந்தேகம்.

இரண்டாம் வாரத்தில் அழைப்பைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி செய்யுங்கள். அவர் முன்னால் போய், தோளைத் தொட்டு, என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'ஏங்க, ரெண்டு நிமிஷம். ஆபீஸ்ல ஒண்ணு நடந்துச்சு. தீர்வு எதுவும் வேண்டாம், கேட்டா போதும்.' கடைசி வாக்கியம் முக்கியம். தீர்வு சொல்லத் தெரியாததால் 'ம்' என்று முடித்துக்கொள்ளும் கணவர்கள் நிறைய.

அப்புறம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இதைப் பற்றியே நேரடியாகப் பேச வேண்டும். அவர் உங்களைக் கவனிக்காமல் விட்ட அந்த நிமிஷத்தில் பேசாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை மாதிரி இருவரும் பசியில்லாமல் அவசரமில்லாமல் இருக்கும்போது பேசுங்கள். 'நீங்க எப்பவுமே', 'ஒரு நாளாவது' என்று ஆரம்பித்தால் அவர் மறுக்க ஒரு உதாரணம் தேடுவார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இப்படித் தொடங்கலாம்: 'கொஞ்ச நாளா நான் உங்ககிட்ட சின்ன விஷயங்களைச் சொல்றதை விட்டுட்டேன். கவனிச்சீங்களா? செம்பருத்தி பூத்த அன்னிக்குக் கூப்பிட்டேன், நீங்க நிமிரல. பூ பெருசில்ல, உங்ககூட பார்க்கணும்னு இருந்துச்சு. எனக்கு அது வேணும்.' ஒரு சம்பவம், உங்களுக்கு ஏற்பட்ட உணர்வு, உங்கள் தேவை. அவ்வளவு போதும். ஒன்பது வருஷக் கணக்கை அன்று எடுக்காதீர்கள்.

அவரிடம் கேட்கும் காரியம் அவர் செய்யக்கூடியதாக இருக்கட்டும். 'என்மேல அக்கறை காட்டுங்க' என்றால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. 'நான் கூப்பிட்டா தலையைத் தூக்கிப் பாருங்க, ஒரு கேள்வி கேளுங்க' என்றால் தெரியும். நிஜமாகவே வேலையாக இருந்தால், 'இந்த மெயிலை அனுப்பிட்டு பத்து நிமிஷத்துல வர்றேன்' என்று அவர் சொல்லலாம். அதற்கு ஒரு நிபந்தனை: பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வருவது அவர் பொறுப்பு. நீங்கள் போய் ஞாபகப்படுத்தக் கூடாது. தள்ளிப்போட்டவர் தானே வந்து 'என்ன சொல்ல வந்தே?' என்று கேட்டால், கவனிக்காமல் விட்ட காயத்தில் பெரும்பகுதி ஆறிவிடும்.

முதல் பத்து நாள் இது செயற்கையாகத்தான் இருக்கும். 'சொன்னதால செய்யறார்' என்று தோன்றும். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள், எந்தப் பழக்கமும் அப்படித்தான் தொடங்கும். ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து இரண்டை மட்டும் பாருங்கள். தள்ளிப்போட்ட பேச்சுக்கு அவர் தானாகத் திரும்பி வருகிறாரா? யோசிக்காமல் அவரைக் கூப்பிடும் பழக்கம் உங்களுக்கு மறுபடி வருகிறதா? இந்த இரண்டாவதை நான் அதிகம் நம்புவேன். அவர் திரும்பியும் நீங்கள் கூப்பிடவில்லை என்றால், உள்ளே பழைய கோபம் தங்கியிருக்கிறது, அதைத் தனியாகப் பேச வேண்டும்.

எல்லாக் கவனக்குறைவும் இந்த வகை இல்லை. பின்னாலிருந்து பேசினால் மட்டும் பதில் வரவில்லை, டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்றால் முதலில் காது பரிசோதனை செய்துவிடுங்கள். உங்களிடம் மட்டுமில்லாமல் நண்பர்கள், கிரிக்கெட், சாப்பாடு எல்லாவற்றிலும் ஆர்வம் குறைந்து தூக்கமும் கெட்டிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416-லும் தமிழில் பேசலாம். தண்டிப்பதற்காகவே நாள்கணக்கில் பேசாமல் இருக்கிறார், நீங்கள் பயந்து பயந்து பேசுகிறீர்கள் என்றால் மேலே சொன்ன வழி பொருந்தாது. அங்கே அழைப்பைத் திருத்தும் வேலையை நீங்கள் செய்யக் கூடாது. பெண்கள் உதவி எண் 181-ல் பேசுங்கள்.

நேரடியாகப் பேசிய பிறகும் அவர் 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்றே சொல்லி, ஒன்றரை மாதத்தில் ஒரு தடவையும் தானாகத் திரும்பவில்லை என்றால், தம்பதி ஆலோசகரிடம் இருவரும் சேர்ந்து போங்கள். அவர் வர மறுத்தால் முதல் சந்திப்புக்கு நீங்கள் மட்டும் போகலாம். அந்த ஒரு வார நோட்டை எடுத்துப் போங்கள். ஆலோசகருக்கு எங்கே தொடங்குவது என்று தெரிய அது உதவும்.