பழைய பேப்பர், பிளாஸ்டிக் வாங்கி விற்கும் சென்டருக்கு அஞ்சு லட்சம் கொடுக்கலாமா?

அண்ணா, பையன் எழுதிக் கொடுத்த திட்டத்தைப் படித்தேன். பி.காம் முடித்துவிட்டு பழைய சாமான் வாங்கும் ஆக்ரி கடை வைக்கிறேன் என்கிறானே, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கவலையை விடுங்கள். அவன் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதைப் பார்ப்போம்.

அட்டையை கிலோ 9 ரூபாய்க்கு வாங்கி 13க்கு விற்றால் 4 ரூபாய் லாபம் என்று எழுதியிருக்கிறான். இந்தத் தொழிலில் வாங்கிய எடை அப்படியே விற்பனைக்குப் போவதில்லை. ஈரம் போகும், மண் போகும், தரம் பிரிக்கும்போது விலை போகாத சாமான் ஒதுங்கும். பேப்பர் மில்லில் ஈரப்பதம் பார்க்கும் மீட்டரின் முள்ளைக் கட்டுக்குள் குத்திப் பார்ப்பார்கள், அளவு தாண்டியிருந்தால் அந்த எடையைக் கழித்துத்தான் பணம். ஜூனில் கேரள எல்லைக்குள் இருக்கும் உங்கள் மீனாட்சிபுரம் பக்கம் மழை பிடித்துவிட்டால் கடைக்காரர் வாசலில் போட்டு வைத்த அட்டை தண்ணீரைக் குடித்துக் கனமாகத்தான் வரும், அந்தத் தண்ணீருக்கும் பையன் 9 ரூபாய் கொடுத்துக்கொண்டிருப்பான். கட்டின் மேல் அட்டையைத் தொட்டுப் பார்த்துப் பயனில்லை, நடுவிலிருந்து ஒன்றை உருவி மடக்க வேண்டும். காய்ந்தது படக்கென்று சத்தத்தோடு மடங்கும், ஈரமானது துணி மாதிரி வளையும்.

சரி, அவன் சொன்ன அளவையே வைத்துப் பார்ப்போம். நாளைக்கு 540 கிலோ, மாதம் 25 நாள், மொத்தம் 13,500 கிலோ. விலையெல்லாம் கணக்குக்காக நான் போட்டுக்கொண்டது, வாரத்துக்கு வாரம் மாறும், வாங்குகிறவரிடம் போனில் கேட்டு மாற்றிப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதில் 8,000 கிலோ அட்டையும் பேப்பரும். 9 ரூபாய்க்கு வாங்கினால் 72,000. நூற்றுக்கு நாலு கழிவு போக 7,680 கிலோவை 13க்கு விற்றால் 99,840, நிற்பது 27,840. அடுத்தது பிளாஸ்டிக் 3,000 கிலோ. கலந்து வருவதை 12க்கு வாங்கி, தண்ணீர் பாட்டில், கட்டி பிளாஸ்டிக், பால் கவர் என்று பிரித்து சராசரி 22க்கு விற்கலாம். ஆனால் இங்கே நூற்றுக்குப் பத்து கழிவு போட்டே ஆக வேண்டும், அதனால் நிற்பது 23,400. இரும்பும் தகரமும் 2,500 கிலோ, 22க்கு வாங்கி 28க்கு, கழிவு இரண்டு சதவீதம், நிற்பது 13,600. மூன்றும் சேர்ந்து 64,840 ரூபாய்.

செலவுக்கு வருவோம். ஷெட் வாடகை 10,000. பிரிக்கவும் கட்டவும் இரண்டு பேர், ஆளுக்கு நாள் 500, மாதம் 25,000. பையனே லோடு ஆட்டோ ஓட்டினாலும் சுற்றி எடுக்க டீசல், ரிப்பேர் 9,000. சாக்கு, சணல், கரண்ட் 3,000. விற்பனைக்கு ஏற்றிப் போக வண்டி வாடகை, ஏழெட்டு லோடுக்கு 10,500. மொத்தம் 57,500. மீதி 7,340 ரூபாய். இதுதான் அவன் சம்பளமும் லாபமும், கடன் வாங்கியிருந்தால் தவணையும் இதிலேதான். அவன் தாளில் மாதம் 30,000 என்று இருக்கிறது, கழிவையும் லோடு வாடகையையும் சேர்க்காததால் வந்த தொகை அது.

இதற்காகத் திட்டத்தைத் தூக்கிப் போட வேண்டாம். கழிவும் லோடு வாடகையும் போக கிலோவுக்கு ஏறக்குறைய 4 ரூபாய் நிற்கிறது. வாடகை, கூலி, டீசல் எல்லாம் சேர்த்து 47,000 எப்படியும் போகும். அப்படியென்றால் நாளைக்கு 470 கிலோ வரை வந்தது அத்தனையும் செலவுக்கே சரி, அவன் கைக்கு 25,000 வர 715 கிலோ வேண்டும். ஆக அவன் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அந்த 715 கிலோ எங்கிருந்து வரும் என்பதுதான், மெஷின் எது வாங்கலாம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

இங்கேதான் எல்லைக்காரர்களுக்கு உள்ள சிக்கல். கேரளப் பக்கம் வீடு வீடாகப் போய் உலர் குப்பை எடுப்பது ஹரித கர்ம சேனா என்ற உள்ளாட்சியின் பெண்கள் குழு, மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு எடுக்கிறார்கள். அந்த வேலைக்குள் பையன் நுழையப் பார்க்கக் கூடாது. விலை கொடுத்து வாங்கும் சாமான்தான் அவனுக்கு. மளிகை மொத்தக் கடை, ஜவுளிக் கடை, பேக்கரி, கல்யாண மண்டபம், ஒர்க்‌ஷாப் என்று வாராவாரம் நிச்சயமாகத் தரும் இடங்களைப் பிடிக்க வேண்டும். சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர் மாதிரி பளபளப்பான பல அடுக்குக் கவரை இலவசமாகக் கொடுத்தாலும் தொடக் கூடாது, அதை வாங்க ஆள் கிடையாது, சிமெண்ட் ஆலைக்கு எரிக்க அனுப்புவதென்றாலும் வண்டிச் செலவு யார் தருவது? கண்ணாடி பாட்டிலையும் முதல் ஆறு மாதம் விட்டுவிடலாம், இடத்தை அடைக்கும், உடையும், ஆளுக்குக் கை கிழியும்.

அப்புறம் வாங்குகிறவர்கள் பொள்ளாச்சியில், உடுமலைப் பக்கம் பேப்பர் மில்களில், கோயமுத்தூரில். ஷெட் மீனாட்சிபுரத்தில் என்றால் சரக்கு மாநிலம் தாண்டுகிறது. உள்ளூருக்குள் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம் என்ற சலுகை உண்டு, வெளி மாநிலத்துக்கு விற்கிறவருக்கு அது கிடையாது, முதல் லோடுக்கு முன்பே பதிவு எடுத்தாக வேண்டும். சிறு வியாபாரிகள் விற்பனையில் சிறிய சதவீதம் கட்டினால் போதும் என்கிற காம்போசிஷன் திட்டமும் வெளி மாநிலத்துக்கு விற்கிறவருக்கு உதவாது. பதிவு எடுத்த பிறகு, பதிவு இல்லாதவரிடம் இரும்பு வாங்கினால் 18 சதவீத வரியை அவனே ரொக்கமாகக் கட்டி, விற்கும்போது வரும் வரியில் கழித்துக்கொள்ள வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து இப்படித்தான்.

லோடு மதிப்பு 50,000 தாண்டினால் வண்டி கிளம்பும் முன்பே ஆன்லைனில் இ-வே பில் எடுக்க வேண்டும், தாண்டாவிட்டாலும் பில் வண்டியில் இருக்க வேண்டும். 2024 டிசம்பரில் திருநெல்வேலியில் கேரள ஆஸ்பத்திரிக் கழிவைக் கொட்டி, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரளம் திரும்ப அள்ளிக்கொண்டு போனதே, அதிலிருந்து கேரள நம்பர் வண்டியில் பிளாஸ்டிக் என்றாலே எல்லைச் செக்போஸ்டில் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். பிரித்து, கட்டி, பில்லோடு போனால் அது சரக்கு. கலந்து கிடந்தால் குப்பை என்றே எழுதிவிடுவார்கள்.

இனி பணம். அஞ்சு லட்சத்தில் மூன்றரை லட்சத்துக்கு கட்டுப் போடும் ஹைட்ராலிக் பிரஸ்ஸும் பழைய லோடு ஆட்டோவும் என்று எழுதியிருக்கிறான். ஷெட் அட்வான்ஸ், தராசு, தராசுக்கு முத்திரை, பஞ்சாயத்து லைசென்ஸ், தீயணைப்பான் எல்லாம் போனால் கையில் ஒரு லட்சம்கூட இருக்காது. மாதம் வாங்குவதற்கே 1,63,000 வேண்டும். கொடுக்கிறவருக்கு அன்றே ரொக்கம், மில்காரர் மூன்று வாரம் கழித்துத் தருவார். ஷெட்டில் பத்து நாள் சரக்கு எப்போதும் கிடக்கும். ஆக குறைந்தது ஒன்றே முக்கால் லட்சம் சுழற்சிக்கு என்று தனியாக இருக்க வேண்டும். இது இல்லாதவன் பிறகு பெரிய வியாபாரியிடம் முன்பணம் வாங்குவான், அவர் சொல்லும் விலைக்குத்தான் சரக்கைத் தள்ளுவான், அதில் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் போனால் மேலே போட்ட 4 ரூபாயில் பாதி காலி.

அதனால் பிரஸ்ஸை முதல் வருஷம் விடச் சொல்லுங்கள். கையால் கட்டி உள்ளூர் பெரிய கடைக்கே போடட்டும். மாதம் 18 டன் தொடர்ந்து வர ஆரம்பித்தால் அப்போது பிரஸ் வாங்கலாம், லோடுக்கு அதிகம் ஏறும், மில்லுக்கே நேராகப் போடலாம், அட்டைக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடினாலே மாதம் பத்தாயிரம் பக்கம் வரும்.

ஷெட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு இரண்டு வாரம் வாடகை லோடு ஆட்டோவில் சுற்றி வாங்கி, அன்றன்றைக்கே கடையில் போட்டுப் பார்க்கட்டும். எந்தக் கடை, எத்தனை கிலோ, வாங்கிய எடை, விற்ற எடை, இந்த நாலும் நோட்டில் இருக்க வேண்டும். நாளைக்கு 470 கிலோ தாண்டவில்லை என்றால் பணத்தை எடுக்காதீர்கள், தாண்டினால் நோட்டோடு அவனையே என்னிடம் அனுப்புங்கள், பேங்க் கடனுக்கு எழுத அதுதான் வேண்டும்.