எடை நின்றுபோனதா? முதலில் எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள்

“எனக்கு வயசு 42, உயரம் 156 செ.மீ. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் வேலை. 78 கிலோ இருந்தேன். ராத்திரிச் சோற்றை நிறுத்திட்டு மூணு இட்லி, காலையில் முக்கால் மணி நேரம் நடை. முதல் மூணு வாரத்திலேயே 3 கிலோ இறங்குச்சு, நாலு மாசத்தில் 70.5 வந்தேன். அதுக்கப்புறம் ரெண்டு மாசமா முள் அசையல. ‘உடம்பு பழகிருச்சு, பட்டினி கிடந்தா அது சேர்த்து வச்சுக்கும்’னு எங்க மதினி சொல்லுதாங்க. மத்தியானச் சோற்றையும் குறைக்கவா, நடையைக் கூட்டவா?”
ஒரு வாசகி, முக்கூடல்

சகோதரி, ரெண்டையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

முதல் மூன்று வாரத்து 3 கிலோவில் பாதி கொழுப்பே இல்லை. ஈரலும் தசையும் அவசரத்துக்கென்று கொஞ்சம் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும். அதில் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சாப்பாடு குறைந்ததும் அந்தச் சேமிப்பு கரைந்து, தண்ணீரும் கூடவே போய்விடும். அப்படி ஒன்றரை கிலோ போயிருக்கும். அந்த வேகம் ஒரு தடவைதான் வரும். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் பிறகு வருவதெல்லாம் தோல்வியாகவே தெரியும்.

மீதி 6 கிலோ கொழுப்பு. அதுதான் உங்கள் உண்மையான சம்பாத்தியம். 78 கிலோவில், உங்கள் வயதுக்கும் உயரத்துக்கும் இந்த உட்கார்ந்த வேலைக்கும் உடம்பு ஒரு நாளைக்குச் செலவழித்தது சுமார் 1,940 கலோரி. நாலு மாதத்தில் 6 கிலோ போயிருக்கிறது என்பதிலிருந்து பின்னோக்கிப் போட்டால், நீங்கள் அப்போது சாப்பிட்டது 1,450 பக்கம். ஆரம்பத்தில் தினமும் 490 கலோரி துண்டு விழுந்தது, எடை இறங்க இறங்க அது குறைந்துகொண்டே வந்தது. அந்தத் துண்டைத்தான் கொழுப்பிலிருந்து எடுத்து உடம்பு சரிக்கட்டியது.

இப்போது நீங்கள் 70.5 கிலோ. சுமக்கும் பாரம் குறைந்ததால் செலவும் 1,830 ஆகிவிட்டது. அதே முக்கால் மணி நேர நடைக்கும் முன்பைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் செலவாகும். இதற்கு மேலும் உடம்பு கொஞ்சம் சிக்கனம் பிடிக்கும். இங்கேதான் உங்கள் மதினி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது.

1944, 45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். அவர்களுடைய உடம்பின் செலவு, இழந்த எடைக்குக் குறைய வேண்டியதைவிடக் கூடுதலாகவே குறைந்தது. வேண்டாத அசைவையெல்லாம் தாங்களே அறியாமல் விட்டுவிட்டார்கள். ஆனால் யாருக்கும் எடை ஏறவில்லை. உடலெடையில் ஏறக்குறைய கால்பங்கு போனது. ஆக, உடம்பு சிக்கனம் பிடிக்கும் என்பது சரி. சாப்பிடாததைச் சேர்த்து வைக்கும் என்பது நடக்காத காரியம்.

உங்களுக்கு அந்தச் சிக்கனம் 80 கலோரி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இன்றைய செலவு 1,750. இன்னமும் 1,450-தான் சாப்பிடுகிறீர்கள் என்றால் தினமும் 300 துண்டு விழுந்து, இந்த இரண்டு மாதத்தில் 2 கிலோவுக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அப்படியென்றால் சாப்பாடும் 1,750-க்கு வந்திருக்கிறது. உங்களுக்கே தெரியாமல் 300 கலோரி வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது.

நீங்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் செலவு நாளொன்றுக்கு 20, 30 கலோரி குறைகிறது என்றால், பசி 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது என்று கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு கணக்கிட்டிருக்கிறது. ஏழரை கிலோ இழந்த உங்களை அந்தப் பசி தினமும் இழுக்கிறது. நீங்கள் பெருமளவு தாக்குப்பிடிக்கிறீர்கள். ஆனாலும் நுழைந்த அந்த 300 கலோரி ஒரு தட்டுச் சோறாக வராது. வந்தால் கண்டுபிடித்துவிடுவீர்களே. கரண்டியின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

போன வருஷம் என்னிடம் வந்த ஒரு அம்மாவுக்கும் இதே நிலைதான். ராத்திரி மூன்று இட்லிதான் சாப்பிடுகிறேன் என்றார், அது உண்மை. தொட்டுக்க என்ன என்று கேட்டேன். மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய். நம் பக்கத்தில் பொடியைக் குவித்து, நடுவில் விரலால் குழி பண்ணி எண்ணெய் ஊற்றுவோம். பொடி இழுக்க இழுக்க இன்னும் கொஞ்சம். எவ்வளவு என்றதற்கு, “ஒரு ஸ்பூன் இருக்கும்” என்றார். இருமல் டானிக்கோடு வரும் அளவு மூடியில் ஊற்றி அளந்து பார்க்கச் சொன்னேன். மறுவாரம் அவரே சொன்னார், 20 மில்லி. அது 165 கலோரி. அவர் எண்ணிச் சாப்பிட்ட மூன்று சின்ன இட்லிக்குச் சமமாக எண்ணாத எண்ணெய் உள்ளே போயிருக்கிறது.

ஆகவே முதல் ஒரு வாரம் எதையும் குறைக்காதீர்கள், அளந்து எழுதுங்கள். புது எண்ணெய் பாட்டிலை உடைக்கும் நாளன்று அதன் மேலேயே தேதியை எழுதிவிடுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 8,200 கலோரி. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 கலோரி எண்ணெயிலேயே போகிறது. 4 லிட்டர் என்றால் 270. வடை, அப்பளம் பொரித்துச் சட்டியில் மிஞ்சியதைக் கழித்துக்கொள்ளுங்கள். தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாததைப் பாட்டில் சொல்லிவிடும்.

அப்புறம் தேங்காய். சொதி வைக்கும் நாள், அவியல் வைக்கும் நாள், எத்தனை காய் உடைத்தீர்கள் என்று குறியுங்கள். ஒரு முழுக் காயின் பருப்பில் ஆயிரம் கலோரிக்கு மேல் உண்டு. அதற்காகச் சொதியை விட வேண்டியதில்லை, இரண்டு காயை ஒன்றாக்கினால் போதும்.

மூன்றாவது, பீடித் தட்டு மடியில் இருக்கும்போது பக்கத்தில் வரும் டம்ளர். கருப்பட்டிக் காபி எடை கூட்டாது என்று நம்புகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். கருப்பட்டியும் சீனியும் கலோரியில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு டம்ளருக்கு 15 கிராம் போட்டால் 55 கலோரி, பால் சேர்ந்தால் அது தனி.

தட்டு மடியில் இருக்கிறது என்றதும் இன்னொன்று. சாப்பாடு குறையும்போது முதலில் குறைவது நம்மை அறியாத நடமாட்டம். முன்பு இலை நனைக்கத் தண்ணீருக்கு நீங்களே எழுந்து போயிருப்பீர்கள். இப்போது “ஏளா, அந்தத் தண்ணியக் கொஞ்சம் எடுத்துட்டு வா” என்று மகளைக் கூப்பிடுகிறீர்களா என்று கவனியுங்கள். காலை நடையை முடித்த களைப்பில் மீதி நாள் முழுக்க அசையாமல் இருந்தால் நடையில் கிடைத்ததில் ஒரு பகுதி கைவிட்டுப் போகும். 25 பீடிக் கட்டு ஒன்று முடிந்ததும் எழுந்து வாசல் வரை போய்வருவது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கும் நல்லது.

இனி மாற்றம். எண்ணெயில் இரண்டு டீஸ்பூன் குறைத்தால் 80 கலோரி. மூன்று காபியில் இரண்டுக்குக் கருப்பட்டியை விட்டால் 110. சாயங்காலம் இருபது நிமிட நடை சேர்த்தால், சும்மா இருந்தாலும் ஆகும் செலவு போக 60. மொத்தம் 250. இதில் நடையின் பங்கு எவ்வளவு சிறியது என்று பாருங்கள். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, இறங்கிய எடை திரும்ப ஏறாமல் பிடித்துவைக்கவும் உதவும். ஆனால் நடையை மட்டும் கூட்டி எடையை இறக்குவது ரொம்ப மெதுவான வழி.

250-ஐ 365-ஆல் பெருக்கி, ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 என்று வகுத்தால் வருஷத்தில் 12 கிலோ என்று வரும். இந்தக் கணக்கை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எடை இறங்க இறங்கச் செலவும் இறங்குவதால், நிஜத்தில் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 5 கிலோ எதிர்பார்க்கலாம். அதுவும் 250-ஐ நாள் தவறாமல் காப்பாற்றினால். வாரத்தில் இரண்டு நாள் கல்யாணம், கோயில் கொடை என்று தவறினால் மூன்றரை கிலோ. முதல் மாதத்தில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே, பிறகு மாதம் அரைகிலோ, அப்புறம் இன்னும் மெதுவாக. ஒரு கட்டத்தில் மறுபடியும் நிற்கும். 64, 65-இல் நின்றால் அந்தச் சாப்பாட்டுக்கு உங்கள் உடம்பின் எடை அதுதான் என்று அர்த்தம். மேலும் இறக்க மேலும் குறைக்க வேண்டும். அது வேண்டுமா என்பதை அப்போது நீங்கள் தீர்மானிக்கலாம். இப்போதே உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கு போயிருக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டுக்கும் அதுவே பெரிய பலன்.

மத்தியானச் சோற்றைக் குறைக்க வேண்டாம் என்றதற்குக் காரணம், 1,200 கலோரிக்குக் கீழே போனால் கொழுப்போடு தசையும் அதிகமாகக் கரையும். சோற்றின் அளவு அப்படியே இருக்கட்டும். கூட ஒரு முட்டையோ, சாளை மீனோ, ஒரு கிண்ணம் பாசிப்பயறோ சேருங்கள், அதற்கு ஈடாக எண்ணெயைக் குறைத்துக்கொள்ளுங்கள். புரதம் பசியையும் கொஞ்சம் அடக்கும். தசையைக் காப்பாற்ற, ஒன்றுவிட்டு ஒரு நாள் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து தடவை, மூன்று சுற்று செய்யுங்கள்.

எடை மெஷினில் காலையில் கக்கூஸ் போய்வந்ததும், காபிக்கு முன்னால் ஏறுங்கள். வாரம் நாலு நாள் பார்த்துச் சராசரி எழுதுங்கள். மாதவிலக்குக்கு முன்னாலும், கருவாடு சாப்பிட்ட மறுநாளும் ஒரு கிலோ தண்ணீர் ஏறும், அதைக் கொழுப்பென்று எண்ணி இடிந்துபோகாதீர்கள். நாலு வாரச் சராசரி அசையாவிட்டால்தான் நின்றுவிட்டது என்று பொருள். தொப்புளுக்கு நேராக டேப்பால் இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள், சில சமயம் முள் நின்றாலும் டேப் இறங்கும்.

பாட்டிலையும் டம்ளரையும் ஆறு வாரம் நேர்மையாக அளந்த பிறகும் அசையவில்லை என்றால் தைராய்டுக்கு டி.எஸ்.எச். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முடி கொட்டுதல், மலச்சிக்கல், தாங்க முடியாத குளிர் இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். ஸ்டீராய்டு, சில மனநல மாத்திரைகள், வலிப்பு மாத்திரைகளும் எடையைப் பிடித்து வைக்கும். நீங்கள் எடுக்கும் மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ போடுகிறவர் என்றால் காபியில் கருப்பட்டியை நிறுத்துவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவையும் அவர் குறைக்க வேண்டி வரலாம்.