அரிக்கிற முதுகுப் பரு: குளிக்கும் வரிசையை மாற்றிப் பாருங்கள்

கேள்வி: ராயபுரத்தில் ஒரு குடோனில் வேலை. வயது 26. சித்திரை பிறந்ததிலிருந்து மார்பிலும் முதுகிலும் பொடிப்பொடியாகக் கொப்புளம், வேர்த்தால் அரிப்பு தாங்கவில்லை. இரண்டு வேளையும் நார் போட்டுத் தேய்த்துக் குளிக்கிறேன். மெடிக்கலில் கொடுத்த க்ரீமில் ஒரு வாரம் அடங்கியது, இப்போது இரண்டு மடங்காக வந்திருக்கிறது. ராத்திரி தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பேன். என்ன செய்வது?

பதில்: முதலில் வீட்டில் யாரிடமாவது சொல்லி, பகல் வெளிச்சத்தில் உங்கள் முதுகைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வேர்க்குரு என்றால் இரண்டு மூன்று நாள் வேர்க்காமல் இருந்தாலே உதிர்ந்துவிடும். சாதாரணப் பரு என்றால் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கும், நடுநடுவே கரும்புள்ளி தெரியும், அரிப்பைவிட வலி அதிகம். எல்லாம் கடுகளவில் ஒரே அச்சாக, ஒவ்வொன்றும் ஒரு மயிர்க்காலைச் சுற்றி நின்று அரித்தால், அது பெரும்பாலும் மலசேசியா என்ற பூஞ்சையின் வேலை. நீங்கள் எழுதியிருப்பது இந்த மூன்றாவதோடுதான் பொருந்துகிறது.

இந்தப் பூஞ்சை எல்லார் தோலிலும் இருப்பதுதான். தனக்கு வேண்டிய கொழுப்பை அதனால் தானே தயாரித்துக்கொள்ள முடியாது. நம் தோலின் எண்ணெய்ப்பசையைத் தின்றுதான் வாழும். வியர்வையில் ஊறிய பாலியெஸ்டர் சட்டை, அதோடு தலையிலிருந்து பிடரி வழியாக இறங்கும் எண்ணெய் என்றால் அதற்குக் கொண்டாட்டம். இப்படி வருகிறவர்களைத் திருப்பி உட்கார வைத்தால், பிடரியிலிருந்து நடுமுதுகு வரை எண்ணெய் வழிந்த தடத்திலேயே கொப்புளம் வரிசை கட்டி நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மெடிக்கல் க்ரீம் விஷயத்துக்கு வருகிறேன். ட்யூபில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும். பூஞ்சை அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும். ஒரு வார நிம்மதிக்குப் பிறகு இரட்டிப்பாக வந்ததன் கணக்கு இதுதான். இனி அதைத் தொடாதீர்கள்.

நாரையும் விட்டுவிடுங்கள். தேய்க்கத் தேய்க்க மயிர்க்கால் வாய் புண்ணாகும், அவ்வளவுதான். கையால் சோப்பு போட்டால் போதும். கிருமிநாசினிச் சோப்பும் இந்தப் பூஞ்சையைப் பெரிதாக ஒன்றும் செய்யாது.

முக்கியமானது வரிசை. பலர் உடம்புக்குச் சோப்பு போட்டு முடித்துவிட்டுக் கடைசியில் தலையை அலசுகிறார்கள். எண்ணெய்யும் ஷாம்பூவும் வழிந்து முதுகில் தங்கிவிடும். தலையை முதலில் அலசிவிட்டு, குனிந்து முன்பக்கமாக நீர் வடியவிட்டு, பிறகு கழுத்து, முதுகு, மார்பு என்று இறங்குங்கள். எண்ணெய் வைத்தே ஆக வேண்டும் என்றால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வையுங்கள். ராத்திரி வைத்துத் தலையணையிலும் முதுகிலும் பூசிக்கொள்ள வேண்டாம்.

மருந்து, 2 சதவீத கீட்டோகோனசால் ஷாம்பூ. தலைக்கானது என்று எழுதியிருந்தாலும் உடம்புக்கும் போடுகிறோம். ஈரத்தோலில் மார்பு, தோள், முதுகு முழுக்கத் தடவி, மணி பார்த்து 5 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். உடனே கழுவினால் காசுதான் சாக்கடைக்குப் போகும். ஒருநாள் விட்டு ஒருநாள், நான்கு வாரம். எரிந்தால் நிறுத்துங்கள், கீறிப் புண்ணான இடத்தில் போட வேண்டாம்.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, வெள்ளையாகத் தோலில் படிந்து அதுவே அரிக்கும். மெட்ரோ தண்ணீர் அளந்து வருகிற வீடாக இருந்தாலும், கடைசி இரண்டு சொம்பாவது அதில் ஊற்றிக்கொள்ளுங்கள். மொட்டைமாடி டேங்க் தண்ணீர் மாலையில் கொதிக்கும். காலையிலேயே ஒரு வாளி பிடித்து நிழலில் வைத்தால், வேலை முடிந்து வந்ததும் அதில் குளிக்கலாம். இரண்டு குளியல் போதும். மூன்றாவது குளியலைவிட, மதியம் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வேறு காட்டன் பனியன் மாற்றுவது மேல். குளித்ததும் துண்டால் ஒற்றி, முதுகு நன்றாகக் காய்ந்த பிறகே பனியன் போடுங்கள். பவுடரைக் கொட்ட வேண்டாம், வியர்வையில் குழைந்து அப்பிக்கொள்ளும்.

நான்கு வாரத்தில் பாதிகூடக் குறையவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்கு ஸ்டான்லி பக்கம்தான். சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, தேவைப்பட்டால் மாத்திரை தருவார்கள். அந்த மாத்திரையை நீங்களாக வாங்கக் கூடாது, ஈரலைப் பாதிக்கக்கூடியவை அதில் உண்டு. கட்டி கட்டியாகச் சீழ் வைத்து வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம்; சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

கொப்புளம் அடங்கிய பிறகு பழுப்பாகத் தடம் சில மாதம் இருக்கும். அது நோய் மிச்சமிருப்பதல்ல. அதைப் போக்கத்தான் பலரும் மறுபடி நாரை எடுக்கிறார்கள்.